காமெடி ஸ்கெட்சுக்குத் தலைப்பும் கேப்ஷனும்: பஞ்ச் உடையாமல் தேடலில் கிடைக்க வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைப்புல விஷயத்தைச் சொன்னா பஞ்ச் போயிடுது, சொல்லலைன்னா தேடுறவங்களுக்கு வீடியோ கிடைக்கிறதில்ல. ரெண்டையும் எப்படிப் பிடிக்கிறது?

காமெடி தேடுகிறவர் யூடியூபில் என்ன அடிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டு காமெடி, மாமியார் மருமகள் காமெடி, பஸ் ஸ்டாண்ட் காமெடி, ஹாஸ்டல் காமெடி. எல்லாமே இடம், ஆள், சூழ்நிலை. முடிவைத் தேடி யாரும் வருவதில்லை, அது அவருக்குத் தெரியவே தெரியாது. ஆக, தேடலுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் ஸ்கெட்சின் முதல் அரை நிமிடத்திலேயே கிடக்கின்றன, பஞ்ச் கடைசி சில நொடிகளில் இருக்கிறது. முன்பாதியில் இருப்பதை எடுத்து வெளியே வைத்தால் போதும், பின்பாதியைத் தொடவே வேண்டாம்.

நான் கடைப்பிடிக்கிற விதி ஒன்றுதான். முதல் காட்சியில் அங்கே நிற்கிற ஆட்களுக்கு என்ன தெரியுமோ, அவர்கள் எதை நம்புகிறார்களோ, அதை மட்டும் தலைப்பு சொல்ல வேண்டும். கதை எழுதியவருக்குத் தெரிந்தது தலைப்பில் வரக் கூடாது. பஞ்சை உடைக்கிற தலைப்புகளை எடுத்துப் பாருங்கள், எல்லாமே எழுதியவரின் வாயிலிருந்து வந்தவையாக இருக்கும்.

இப்படிச் சொன்னா புரியல. ஒரு ஸ்கெட்சை வெச்சு சொல்லுங்க.

சரி, நான்கு நிமிட ஸ்கெட்ச் ஒன்று. வேலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், சாயங்காலம் ரிசப்ஷன், பந்தியில் ஆம்பூர் பிரியாணி. வெள்ளைச் சட்டை வேட்டியில் ஒரு பெரியவர் ஓரமாக நிற்கிறார். பந்திக்கு வரவில்லை, முகத்தில் சிரிப்பில்லை. பெண் வீட்டுக்காரர் பார்த்து, மாப்பிள்ளையின் மாமா கோவித்துக்கொண்டார் என்று பதறுகிறார். மாப்பிள்ளை வீட்டிலோ அவரைப் பெண்ணின் மாமா என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரெண்டு பக்கமும் ஓடி ஓடிக் கவனிக்கிறது. நாற்காலி வருகிறது, ஃபேன் திரும்புகிறது, தோளில் துண்டு போடுகிறார்கள், அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு லெக் பீஸை ஊட்டி விடுகிறார்கள். கடைசியில் போட்டோகிராபர், "ஐயா, நீங்க பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா? எந்தப் பக்கம் நிக்கறீங்க?" என்று கேட்கிறார். அப்போதுதான் அவருக்குப் பேச இடம் கிடைக்கிறது. "நான் ஜெனரேட்டர்காரங்க. கரண்ட் வந்து ஒரு மணி நேரமாவுது, ஆஃப் பண்ணட்டுமான்னு கேக்க வந்தேன்."

இதற்கு முதலில் தோன்றும் தலைப்புகள் இப்படி இருக்கும்:

"மாமான்னு நெனச்சா ஜெனரேட்டர்காரர்!" இது ஸ்கெட்ச் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டது, இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

"யார் இந்தப் பெரியவர்?" இதில் ஜெனரேட்டர் என்ற சொல் இல்லை. ஆனாலும் இது பஞ்சை உடைக்கிறது. அவர் மாமா இல்லை என்பதே பாதி பஞ்ச், அதை இந்தக் கேள்வி சொல்லிவிடுகிறது. பார்க்கிறவர் முதல் நொடியிலிருந்தே துப்பறிய ஆரம்பித்துவிடுவார். பந்தல்காரரா, சமையல்காரரா, மண்டப மேனேஜரா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது லெக் பீஸ் காட்சிகளுக்குச் சிரிக்க மாட்டார். தவிர, இதில் கல்யாணமும் இல்லை, பிரியாணியும் இல்லை, தேடலில் வருவதற்கும் வழியில்லை.

"மாமா கோச்சிகினாரு" என்பது மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் நம்புகிற விஷயம். நம் ஊர்க் கல்யாணத்தில் மாமா கோவித்துக்கொள்வது எல்லோரும் பார்த்த காட்சி என்பதால் தலைப்பைப் படித்ததுமே ஒரு சிரிப்பு வரும். அதோடு தேடுகிறவர் அடிக்கும் சொற்களைச் சேர்த்தால் முழுத் தலைப்பு இப்படி வரும்:

மாமா கோச்சிகினாரு | ஆம்பூர் பிரியாணி கல்யாணம் | வேலூர் காமெடி

சிரிப்பு முன்னால், தேடல் பின்னால். தலைப்பு நீளமானால் போனில் பின்பகுதிதான் வெட்டுப்படும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அவர் மாமாவே இல்லையே, அப்போ "மாமா கோச்சிகினாரு"ன்னு போடறது பார்க்கிறவங்களை ஏமாத்தறது ஆகாதா?

ஆகாது. வீடியோவில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி உள்ளே இழுப்பதுதான் ஏமாற்று, யூடியூபின் விதிகளும் அதைத்தான் தடுக்கின்றன. இங்கே மாமா கோவித்துக்கொண்டார் என்று ஒரு மண்டபமே பதறுவதை நான்கு நிமிடமும் காட்டுகிறீர்கள். வந்தவர் எதைப் பார்க்க வந்தாரோ அது கிடைக்கிறது, கடைசியில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கிறது. அதே ஸ்கெட்சுக்கு "கல்யாணத்தில் அடிதடி" என்று போட்டிருந்தால் அது பொய். அடிதடி பார்க்க வந்தவர் இருபது நொடியில் வெளியே போய்விடுவார்.

எது நியாயம் என்று பிரிக்க ஒரு வழி உண்டு. முடிவைப் பார்த்தபின் ஒருவர் தலைப்புக்குத் திரும்பினால் "அட, ஆமாம்ல" என்று இன்னொரு தரம் சிரிக்க வேண்டும். "இதுக்கும் தலைப்புக்கும் என்னய்யா சம்பந்தம்" என்று அவருக்குத் தோன்றினால் அந்தத் தலைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

"கடைசி வரை பாருங்க", "செம ட்விஸ்ட்", "எதிர்பாராத முடிவு" இதெல்லாம் போடலாமா? முடிவைச் சொல்லலையே?

முடிவைச் சொல்லவில்லை, ஆனால் முடிவு ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். ஸ்கெட்ச் காமெடியில் அதுவே பாதி இழப்பு. பஞ்ச் வேலை செய்வதற்குக் காரணம், பார்க்கிறவர் வேறொன்றை நம்பிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பதுதான். ட்விஸ்ட் வருகிறது என்று தெரிந்துவிட்டால் அவர் எதையும் நம்ப மாட்டார். பெரியவர் மாமாவாக இருக்க முடியாது என்று முதல் நிமிடத்திலேயே முடிவுகட்டிவிடுவார், அப்புறம் ஜெனரேட்டர் என்ற சொல் வரும்போது "இதானா" என்பார்.

தலைப்பில் கண்ணீர் விட்டுச் சிரிக்கிற எமோஜிகளை வரிசையாக வைப்பதையும் நான் வேண்டாம் என்பேன். காமெடி என்ற சொல் ஏற்கெனவே தலைப்பில் இருக்கிறது, அது தேடலுக்காவது உதவும், எமோஜி அதற்கும் உதவாது.

"கோச்சிகினாரு"ன்னு பேச்சு வழக்குல போட்டா மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியுமா? தேடினா வருமா?

புரியும். மதுரைக்காரரும் கோயம்புத்தூர்காரரும் படித்தவுடன் இது வடக்குப் பக்கப் பேச்சு என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தச் சாயலே ஸ்கெட்சுக்கு ஒரு அடையாளம். ஆனால் தேடுகிறவர் அந்தச் சொல்லை அப்படியே அடிப்பது அபூர்வம். "கோவிச்சுக்கிட்ட மாமா" என்றோ "கல்யாண வீட்டு சண்டை காமெடி" என்றோதான் அடிப்பார். அதனால் வேலையைப் பிரித்துக்கொடுங்கள். தலைப்பின் முதல் துண்டு நம் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும், "இன்னா", "வந்துகினு", "சொல்லிகினு" எல்லாம் அங்கே வரலாம். பொதுவாக எழுதுகிற வடிவம் விளக்கத்தில், அதாவது டிஸ்கிரிப்ஷனில், ஒரு முழு வாக்கியமாக வரட்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுகிறவர்களும் நிறைய. அவர்களுக்கென்று விளக்கத்தில் ஒரு வரி போதும்:

```
vellore comedy, ambur biryani kalyanam comedy, mama kovichukitaru
```

பிரியாணியை biryani, biriyani, briyani என்று மூன்று விதமாகவும் அடிப்பார்கள். எது அதிகம் என்று ஊகிக்காதீர்கள். கூகுள் ட்ரெண்ட்ஸில் `YouTube Search` என்று மாற்றிவிட்டு, இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்து மூன்றையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதிகம் வருவதை அந்த வரியில் போடுங்கள், மற்ற எழுத்துப் பிழைகளை டேக் பெட்டியில் போடுங்கள். தேடலில் டேக்குக்குப் பெரிய பங்கு இல்லை என்று யூடியூபே சொல்கிறது, அடிக்கடி தப்பாக எழுதப்படும் சொற்களுக்குத்தான் அது உதவும் என்றும் சொல்கிறது. ஆக அதில் அரை மணி நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

எல்லா தலைப்புலயும் "வேலூர்" போடணுமா அண்ணா?

ஊர் ஸ்கெட்சுக்குள் இருந்தால் போடுங்கள். பேச்சு, வெயில், கோட்டை, காட்பாடி ஜங்ஷன், பிரியாணியோடு வரும் கத்திரிக்காய் தொக்கு என்று ஏதாவது ஒன்று ஊரைக் காட்ட வேண்டும். ஒரு அறைக்குள் புருஷன் பெண்டாட்டி போனுக்குச் சண்டை போடுகிற ஸ்கெட்சுக்கு வேலூர் தேவையில்லை.

தனியாக "வேலூர்" என்று மட்டும் இருந்தால் தேடலில் பயன் குறைவு. அந்தச் சொல்லை அடிக்கிறவர்களில் பலர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கோ வி.ஐ.டி.க்கோ ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கோ வழி தேடுகிறவர்கள், நாமக்கல் பக்கம் இருக்கும் பரமத்தி வேலூரும் அதே பெயரில் வந்து நிற்கும். "வேலூர் காமெடி" என்று சேர்ந்து நின்றால்தான் நம் ஆள் வருவார்.

இன்னொன்று, ஆம்பூர் பிரியாணி என்பதை ஊர்ப் பெயராக நினைத்து வெட்டாதீர்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது என்று ஒரு நண்பர் தலைப்பைத் திருத்தச் சொன்னார். தேடுகிறவருக்கு அது சாப்பாட்டின் பெயர். ஆம்பூர் பிரியாணி என்றதும் சீரகச் சம்பா வாசம் ஞாபகம் வருகிறவர் எல்லாம் நம் பார்வையாளர்.

தலைப்பு எத்தனை எழுத்து இருக்கலாம்? தமிழ்ல அடிச்சா சீக்கிரமே எல்லை வந்துடுதே?

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து. ஆனால் நாம் ஒரு எழுத்தாகப் படிப்பதைக் கணினி பல சமயம் இரண்டாக எண்ணும், ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. வேலூர் என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, எண்ணிக்கையில் ஆறு. மேலே சொன்ன மாமா தலைப்பு கண்ணுக்கு இடைவெளியும் கோடும் சேர்த்து 37, எண்ணிக்கையில் 61. அதனால் தமிழ்த் தலைப்பில் மூன்று துண்டுக்கு மேல் வைக்க முயலாதீர்கள்.

டிஸ்கிரிப்ஷன்ல என்ன எழுதறது? கதைச் சுருக்கம் போடச் சொல்றாங்களே?

மொத்தம் 5,000 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் திறக்காமலே கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். அந்த வரிகளுக்கும் தலைப்பின் விதியேதான், முதல் காட்சியில் இருப்பவர் நம்புவது மட்டும். மாமா ஸ்கெட்சுக்கு நான் இப்படி எழுதுவேன்:

"கல்யாண மண்டபத்துல மாமா ஓரமா நிக்கிறாரு. பந்திக்கும் வரல, வாயும் திறக்கல. லெக் பீஸ் வெச்சும் இறங்கி வர்ற மாதிரி தெரியல."

இதில் கல்யாணம், மண்டபம், மாமா, பந்தி எல்லாம் வந்துவிட்டன. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது வாக்கியமாக "பொண்ணு வீடு மாப்பிள்ளை வீட்டைப் பாக்குது, மாப்பிள்ளை வீடு பொண்ணு வீட்டைப் பாக்குது" என்று எழுதலாம் என்று தோன்றும். ஓசை நன்றாக இருக்கிறது, படித்தாலே சிரிப்பு வருகிறது. ஆனால் அது ரெண்டு வீட்டுக்கும் அவரைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறது. பஞ்சின் சொல் ஒன்றுகூட இல்லாத வரி, பஞ்சை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. இந்த மாதிரி வரிகள்தான் ஆபத்து, ஏனென்றால் எழுதிய நமக்கு அவை பிடித்துப்போயிருக்கும், வெட்ட மனசு வராது.

அடுத்து நடிகர் பட்டியல். நிறைய பேர் பார்க்காமல் விடுகிற ஓட்டை இதுதான். விளக்கத்தின் அடியில் யார் எந்த வேஷம் என்று போடும்போது "ஜெனரேட்டர்காரர்" என்று ஒருவர் இருந்தால் முடிந்தது. அங்கேயும் "மாமா" என்றே போடுங்கள்.

அப்புறம் நேரக் குறிப்புகள். நான்கு நிமிட ஸ்கெட்சுக்கு அது வேண்டாம், ஆனால் நீங்கள் போடாவிட்டாலும் யூடியூப் தானாகப் பிரித்துப் பெயர் வைக்கலாம். வீடியோ விவரப் பக்கத்தில் `Automatic chapters` என்று இருப்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பார்த்தவங்க அப்புறம் "அந்த ஜெனரேட்டர் மாமா வீடியோ எங்கே"ன்னு தேடுவாங்களே, அவங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

இங்கேதான் தேடலும் பஞ்சும் உண்மையாகவே மோதுகின்றன. முதல் தடவை வருகிறவர் கல்யாணத்தைத் தேடி வருகிறார், பார்த்து முடித்தவர் பஞ்சைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் யாரோ சொல்லக் கேட்டவரும் "generator mama comedy" என்றுதான் அடிப்பார். இவர்களை விட்டுவிட முடியாது, ஸ்கெட்ச் ஓட ஆரம்பித்தபின் தேடலில் வருகிறவர்களில் நல்ல பங்கு இவர்களாக இருக்கலாம்.

இதற்கு விளக்கத்தின் அடிப்பகுதியைப் பயன்படுத்துங்கள். மேல் வரிகள், பின்னணி வேலை செய்தவர்கள் பெயர், மற்ற வீடியோ இணைப்புகள் எல்லாம் முடிந்தபின், மடிந்து கிடக்கும் இடத்தில் "ஜெனரேட்டர் மாமா காமெடி, generator mama comedy" என்று ஒரு வரி. டேக்கிலும் அதையே போடலாம், அது வீடியோ பக்கத்தில் தெரியாது. தேடல் முடிவில் சில சமயம் விளக்கத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துக் காட்டப்படும், அதில் இந்த வரி தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஜெனரேட்டர் என்று அடித்தவருக்குத்தான் அது தெரியும், அவருக்கு முடிவு ஏற்கெனவே தெரியும்.

ஹேஷ்டேக்கில் மட்டும் அதைப் போடவே கூடாது. விளக்கத்தில் இருக்கும் ஹேஷ்டேக்குகளில் சில மேலே தலைப்புக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். #வேலூர்காமெடி மாதிரி இரண்டு மூன்று போதும். கண்டபடி சேர்த்து 60-ஐத் தாண்டினால் யூடியூப் ஒன்றைக்கூடக் கணக்கில் எடுக்காது.

கமெண்ட்ல யாராவது பஞ்சைப் போட்டு உடைச்சிடறாங்களே, என்ன பண்றது?

யூடியூப் ஸ்டூடியோவில் செட்டிங்ஸுக்குள் `Blocked words` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஜெனரேட்டர், generator, jenarator என்று போட்டுவைத்தால் அந்தச் சொல் வரும் கமெண்ட் நேராக வெளியே வராது, உங்கள் பார்வைக்கு நிற்கும். இது சேனல் முழுவதற்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

இதை முதல் சில நாளைக்கு மட்டும் செய்யுங்கள். அந்தக் கமெண்டுகள் எல்லாம் ரசித்துச் சிரித்தவர்கள் எழுதியவை, அவற்றை நிரந்தரமாக அடைத்துவைப்பது சரியில்லை. முதல் கூட்டம் பார்த்து முடித்தபின் பெட்டியைக் காலி செய்துவிட்டு, நிறுத்திவைத்தவற்றையும் வெளியிட்டுவிடுங்கள். அதுவரை உங்கள் கமெண்ட் ஒன்றைப் பின் செய்து மேலே வையுங்கள். "உங்க வீட்டுக் கல்யாணத்துல கோச்சிகின மாமா யாரு? எதுக்கு?" என்று கேட்டால் மக்கள் தங்கள் கதையை எழுத ஆரம்பிப்பார்கள், பஞ்ச் பேச்சு கீழே போய்விடும்.

இன்ஸ்டா ரீல்ஸுக்கும் இதே கேப்ஷன் போதுமா?

விதி அதேதான், அளவு வேறு. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடமிருந்தாலும் ரீல் ஓடும்போது தெரிவது ஏறக்குறைய ஒரு வரிதான். அங்கே விவரிப்பதைவிட ஸ்கெட்சின் நடுவிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துப் போடுவது நன்றாக வேலை செய்யும். "தம்பி, மாமாவுக்கு இன்னொரு லெக் பீஸ்!" என்பது அப்படிப்பட்ட வசனம். அதை நண்பருக்கு அனுப்பலாம், யாரையாவது டேக் செய்யலாம், முடிவும் தெரியாது. வசனம் எடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு: அது கதை திரும்புவதற்கு முன்னால் பேசியதாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் "வேலூர் காமெடி, ஆம்பூர் பிரியாணி கல்யாணம்" என்று தேடல் சொற்களைப் போட்டுவிடுங்கள்.

கவர் படத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், தானாக விட்டால் எந்த இடத்துப் படம் வரும் என்று சொல்ல முடியாது. போட்டோகிராபர் வாயைப் பிளந்து நிற்கும் காட்சி கவராக வந்துவிட்டால், ஏதோ உடையப்போகிறது என்று படமே சொல்லிவிடும். மாமா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் பிரியாணித் தட்டோடு ரெண்டு பேர் குனிந்து நிற்கும் காட்சி போதும். யூடியூப் தம்ப்நெயிலுக்கும் அதுவே. பின்னணியில் ஜெனரேட்டர் வண்டி தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்லோடுக்கு முன்னாடியே தலைப்பு சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஸ்கிரிப்ட் படிக்காத, ஷூட்டிங்குக்கும் வராத நாலைந்து பேரிடம் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மட்டும் தனித்தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போடாதீர்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் பார்த்துவிடுவார். "இதுல என்ன நடக்கும்னு நினைக்கறீங்க? என்ன முடிவு வரும்?" என்று கேளுங்கள். தலைப்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் சூப்பர் என்பார்கள், அதனால் ஒன்றும் தெரியாது.

வரும் பதிலை இப்படிப் படிக்க வேண்டும். "மாமா ஏதோ மொய் விஷயத்துல கோவிச்சிருப்பாரு, கடைசில சமாதானம் ஆவாரு" என்று சொன்னால் தலைப்பு மிகச் சரி, அவர் நீங்கள் விரும்பிய தப்பான பாதையில் போகிறார். "அவர் வேற கல்யாணத்துக்கு வந்த ஆளா இருப்பாரு" என்று ஒருவர் சொன்னாலும் கவனியுங்கள், முடிவு அது இல்லைதான், ஆனால் மாமா இல்லை என்பதை மோப்பம் பிடித்துவிட்டார். எங்கே கசிந்தது என்று தேடுங்கள், பெரும்பாலும் தம்ப்நெயிலாக இருக்கும். "தெரியல, ஏதோ காமெடி" என்றால் தலைப்பில் சூழ்நிலையே இல்லை என்று அர்த்தம், தேடலிலும் அது வராது.

போட்டதுக்கு அப்புறம்? எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில் மூன்று இடம் பார்த்தால் போதும்.

முதலாவது, யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் என்ன சொல் அடித்தார்கள் என்ற பட்டியல். அதில் "கல்யாண காமெடி", "vellore comedy" எல்லாம் இருந்தால் தலைப்பு தன் வேலையைச் செய்கிறது. உங்கள் சேனல் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் வருகிறார்கள்.

இரண்டாவது, கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பது. யூடியூப் சொல்கிற கணக்குப்படி பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும், அதனால் 4 என்று பார்த்துவிட்டு இடிந்துபோக வேண்டாம். அதைத் தனியாகப் பார்க்காமல் 30 நொடியில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். கிளிக் நிறைய, ஆனால் 30 நொடிக்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள் என்றால் தலைப்பு வேறு எதையோ வாக்குக் கொடுத்திருக்கிறது. கிளிக் குறைவு, ஆனால் வந்தவர்கள் கடைசிவரை இருக்கிறார்கள் என்றால் ஸ்கெட்ச் நல்லது, தலைப்புதான் சோம்பல். அப்படியானால் தலைப்பை மாற்றலாம், லிங்க் அப்படியேதான் இருக்கும், பார்வைகளும் போகாது.

மூன்றாவது, வீடியோவின் எந்த இடத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோடு. பஞ்ச் கசிந்திருந்தால் அதில் தெரியும். நடுப்பகுதி பள்ளமாகி, முடிவில் மட்டும் கோடு திடீரென்று எழும்பும். அதாவது லெக் பீஸ் காட்சிகளைத் தள்ளிவிட்டு நேராக முடிவுக்கு ஓடியிருக்கிறார்கள். முடிவில் எழும்புவது மட்டும் கெட்ட அடையாளம் இல்லை, சிரித்தவர்கள் திரும்ப ஓட்டிப் பார்த்தாலும் எழும்பும். நடுவில் பள்ளமும் சேர்ந்து இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்கெட்ச் ஹிட் ஆயிடுச்சு, அதே ஆளை வெச்சு ரெண்டாவது எடுக்கறோம். இப்போ "ஜெனரேட்டர் மாமா 2"ன்னு போட்டுடலாமா?

போட ஆசையாக இருக்கும், எல்லோரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இரண்டாவதை முதலில் பார்த்துவிட்டு முதலாவதுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள், சேனலுக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயரே முதல் ஸ்கெட்சைக் கெடுத்துவிடும். "மாமா கோச்சிகினாரு 2" என்று வையுங்கள். பழையவர்களுக்கு அவர் யார் என்று தெரியும், அவர்களுக்கு அந்தத் தலைப்பு இப்போது வேறு மாதிரி சிரிப்பு தரும், புதியவருக்கு ஒன்றும் உடையாது. பிளேலிஸ்ட்டுக்கும் அதே பெயர்தான். ஜெனரேட்டர் என்ற சொல் முன்பு சொன்ன மாதிரி விளக்கத்தின் அடியிலேயே இருக்கட்டும்.

ஷார்ட்ஸாக வெட்டிப் போடும்போது முடிவை வெட்டாதீர்கள், இரண்டாவது லெக் பீஸ் வரும் இடத்தை வெட்டுங்கள். ஷார்ட்ஸில் `Related video` என்று முழு ஸ்கெட்சை இணைக்க இடம் இருக்கிறது, மாமா என்னதான் சொல்ல வருகிறார் என்று தெரியாமல் தவிப்பவர் அதைத் தொடுவார்.